20 ஆயிரம் ரூபாய் லாரி மிச்சம் பிடித்த கதை

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வேலூருக்கு ஒரு லாரி உப்பு போக வாடகை 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு 7 ஆயிரம்தான். மரக்காணத்திலிருந்து வேலூருக்கு 8 ஆயிரம். இப்படி ஒரு வாடகைப் பட்டியலை மொத்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்தால், அவர் பேனாவை எடுத்து முதலில் அடிப்பது அந்த 20 ஆயிரத்தைத்தான். மற்ற தடங்களை வைத்தே சமாளித்துவிடலாம் என்பார். சமாளிக்கவும் முடியும். ஆனால், அடித்த அந்தத் தடத்திலேயே பத்து லாரிகளை விட்டிருந்தால் மொத்தச் செலவு 20 ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும்.

பட்டியலில் எல்லாவற்றையும்விட விலை கூடிய தடம் எப்படி மிச்சம் பிடிக்கும்? பட்டியலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை தெரியாது. கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவி, ஒரு வளையம் போட்டுத் திரும்பி வந்தால் தெரிந்துவிடும்.

மூன்று உப்பளங்கள், மூன்று ஊர்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு லாரி லோடுக்கான வாடகை ஆயிரம் ரூபாயில்:

| | மதுரை | திருச்சி | வேலூர் | இருப்பு (லோடு) |
|---|---|---|---|---|
| தூத்துக்குடி | 7 | 13 | 20 | 40 |
| வேதாரண்யம் | 11 | 8 | 17 | 30 |
| மரக்காணம் | 17 | 11 | 8 | 30 |
| தேவை (லோடு) | 25 | 35 | 40 | 100 |

20 ஆயிரம் ரூபாய் தடத்தைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்த வியாபாரி போடும் திட்டம் இது:

| | மதுரை | திருச்சி | வேலூர் |
|---|---|---|---|
| தூத்துக்குடி | 25 | 15 | – |
| வேதாரண்யம் | – | 20 | 10 |
| மரக்காணம் | – | – | 30 |

எந்த ஊருக்கும் குறையில்லை, எந்த உப்பளத்திலும் மிச்சமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் லோடை வாடகையால் பெருக்கிக் கூட்டினால் 175 + 195 + 160 + 170 + 240, ஆக 940. அதாவது 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இந்தத் திட்டத்தில் ஐந்து கட்டங்களில் எண் இருக்கிறது, நான்கு கட்டங்கள் காலி. எண் உள்ளவற்றுக்கு அடிப்படைக் கட்டங்கள் என்று பெயர்.

இப்போது காலியாக உள்ள தூத்துக்குடி–வேலூர் கட்டத்தில் ஒரே ஒரு லாரியை விட்டுப் பார்ப்போம். செலவு 20 கூடும். அதோடு நிற்காது. வேலூருக்குத் தேவை 40 லோடுதான், இப்போது 41 வந்துவிடும். ஆகவே வேலூருக்கு வேறு யாராவது ஒரு லாரியைக் குறைத்தாக வேண்டும்.

குறைக்கக்கூடியவர்கள் இருவர்: வேதாரண்யம், மரக்காணம். மரக்காணத்தில் குறைத்தால் அங்கே ஒரு லோடு உப்பு தேங்கும். மரக்காணத்துக்கு இந்தத் திட்டத்தில் வேறு தடமே கிடையாது. வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. எனவே வேதாரண்யத்தில் குறைக்க வேண்டும். அதனால் 17 மிச்சம். வேதாரண்யத்தில் தேங்கிய அந்த லோடைத் திருச்சிக்குத் திருப்பிவிடலாம், அதற்கு 8 செலவு. இப்போது திருச்சியில் ஒரு லோடு கூடிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து திருச்சிக்குப் போவதில் ஒன்றைக் குறைக்கலாம், அதில் 13 மிச்சம். தூத்துக்குடியில் அப்படி மிஞ்சிய லோடுதானே வேலூருக்குக் கிளம்பிய முதல் லாரி! கணக்கு கிளம்பிய இடத்துக்கே வந்து நேராகிவிட்டது.

கூடியது, குறைந்தது இரண்டையும் வரிசையாக எழுதினால்:

20 − 17 + 8 − 13 = −2

ஒரு லோடுக்கு 2 ஆயிரம் ரூபாய் மிச்சம். இதுதான் அந்தக் காலிக் கட்டத்தின் வாய்ப்புச் செலவைச் சொல்லும் எண். குறி கழித்தலாக இருந்தால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு வைத்ததால் ஒவ்வொரு லோடுக்கும் இவ்வளவு கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கூட்டலாக இருந்தால், அங்கே ஒரு லோடு போட்டால் மொத்தச் செலவு அவ்வளவு ஏறும். சில பாடநூல்கள் குறியை மாற்றிப்போட்டு, கூட்டல் வந்தால் லாபம் என்று சொல்கின்றன. புத்தகம் மாறும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புதிரும் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. வியாபாரி தூத்துக்குடி–வேலூர் தடத்தை விலக்கியதாக நினைத்தார். உண்மையில், தூத்துக்குடியில் கூடுதலாக இருந்த உப்பு திருச்சிக்குப் போய், அதனால் திருச்சியில் இடமிழந்த வேதாரண்யத்து உப்பு வேலூருக்குப் போனது. அந்தச் சுற்றுவழியின் விலை 13 − 8 + 17, ஆக 22. நேரே போனால் 20 ஆகும் பயணத்துக்குச் சுற்றிப்போய் 22 கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் 20 மட்டும்தான் எழுதியிருந்தது. 22 எங்கும் எழுதப்படவில்லை. அதனால் கண்ணில் படவில்லை.

வளையம் போடுவதற்கான விதிகள் சில உண்டு. காலிக் கட்டத்தில் கிளம்பி, கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் நகர வேண்டும். குறுக்கே சாய்ந்து போகக் கூடாது. திரும்பும் இடம் ஒவ்வொன்றும் அடிப்படைக் கட்டமாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள கட்டங்களை, அவை காலியோ நிரம்பியதோ, தாண்டிப் போகலாம். ஒவ்வொரு முறையும் கிடையிலிருந்து செங்குத்துக்கோ செங்குத்திலிருந்து கிடைக்கோ திசை மாற வேண்டும். கிளம்பிய கட்டத்துக்குக் கூட்டல் குறி, அடுத்த மூலைக்குக் கழித்தல், அதற்கடுத்ததற்குக் கூட்டல் என்று மாறி மாறிப் போட வேண்டும்.

இந்த முறைக்குப் படிக்கல் முறை என்று பெயர். ஓடையைக் கடப்பவர் தண்ணீரில் கால் வைக்காமல் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுவது போல, காலிக் கட்டங்களைத் தண்ணீராகவும் நிரம்பிய கட்டங்களைக் கல்லாகவும் பார்க்கிறோம். ஆபிரகாம் சார்ன்ஸ், வில்லியம் கூப்பர் என்ற இரு அமெரிக்கர்கள் 1954-இல் ‘மேனேஜ்மென்ட் சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது.

ஒரு காலிக் கட்டத்துக்கு இரண்டு வளையங்கள் கிடைத்து, இரண்டும் வெவ்வேறு விடை தந்தால் என்ன செய்வது? அப்படி நேராது. மூன்று உப்பளங்களையும் மூன்று ஊர்களையும் ஆறு புள்ளிகளாக வைத்து, லாரி ஓடும் தடங்களைக் கோடுகளாகப் போட்டுப் பாருங்கள். ஆறு புள்ளிகளையும் ஒன்றோடொன்று இணைக்க, வளையம் எதுவும் விழாமல், ஐந்து கோடுகள் போதும். ஒரு மரத்தின் கிளைகள் போல அவை இணைந்திருக்கும். மரத்தில் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆறாவதாக ஒரு கோட்டைச் சேர்த்தால் சரியாக ஒரே ஒரு வளையம் விழும். உப்பளங்களின் எண்ணிக்கையையும் ஊர்களின் எண்ணிக்கையையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் வருகிற எண்ணிக்கையில் அடிப்படைக் கட்டங்கள் இருக்க வேண்டும் என்று பாடநூல்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பெரிய அட்டவணையில் வளையம் கண்ணில் படாவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. சோதிக்கும் காலிக் கட்டத்தையும் ஒரு கல்லாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையிலாவது நிரலிலாவது ஒரே ஒரு கல் இருந்தால், அங்கே போனால் திரும்ப முடியாது. அதை அடித்துவிடுங்கள். நம் கணக்கில் மரக்காணம் வரிசையில் ஒரு கல், மதுரை நிரலில் ஒரு கல். இரண்டையும் அடித்தால் மிஞ்சுவது நான்கு கட்டங்கள். அவைதான் வளையம்.

மற்ற மூன்று காலிக் கட்டங்களையும் இதே போலச் சோதிக்க வேண்டும். வேதாரண்யம்–மதுரைக்கு 11 − 8 + 13 − 7 = 9. மரக்காணம்–திருச்சிக்கு 11 − 8 + 17 − 8 = 12. இரண்டும் நான்கு மூலை வளையங்கள், இரண்டும் செலவை ஏற்றுபவை.

மரக்காணம்–மதுரை சற்று வித்தியாசமானது. அங்கிருந்து நான்கு மூலைகளில் திரும்பி வர முடியாது. மரக்காணம்–வேலூரில் ஒன்றைக் குறைத்து, வேதாரண்யம்–வேலூரில் கூட்டி, வேதாரண்யம்–திருச்சியில் குறைத்து, தூத்துக்குடி–திருச்சியில் கூட்டி, தூத்துக்குடி–மதுரையில் குறைத்த பிறகுதான் வளையம் மூடும். ஆறு மூலைகள். 17 − 8 + 17 − 8 + 13 − 7 = 24. வளையம் என்றால் நீள்சதுரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் மாணவர்கள் இங்கேதான் தடுமாறி, நான்காவது மூலையைக் காலிக் கட்டத்தில் வைத்து மூடிவிடுகிறார்கள். தப்பு நடந்ததா என்று தெரிந்துகொள்ள, வளையம் தொடும் ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஒன்று மட்டும் தனியாக நின்றால், எங்கோ ஒரு உப்பளத்தில் உப்பு தேங்குகிறது அல்லது எங்கோ ஒரு ஊருக்கு உப்பு போய்ச் சேரவில்லை.

அந்த 24-ஐ இன்னொரு முறை பார்க்கலாம். மரக்காணத்திலிருந்து மதுரைக்கு லாரி வாடகையே 17 ஆயிரம்தான். ஆனால் அந்தத் தடத்தில் ஒரு லோடு அனுப்பினால் மொத்தச் செலவு 24 ஆயிரம் கூடுகிறது. மிச்சம் 7 ஆயிரத்தை லாரிக்காரர் கேட்கவில்லை. மற்ற ஐந்து தடங்களும் இடம் மாறுவதால் வரும் செலவு அது.

இந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. சோவியத் ரஷ்யாவில் ஏ. என். தோல்ஸ்தோய் என்பவர், நாவலாசிரியர் அல்லர், 1930-இல் ரயில் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். உப்பு, சிமென்ட் போன்ற சரக்குகளை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அனுப்பினால் மொத்தக் கிலோமீட்டர் குறையும் என்பது அவருடைய கேள்வி. சரக்கைச் சுற்றில் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்து, எந்தச் சுற்றிலும் தூரம் குறையாவிட்டால் அந்தத் திட்டம் சிறந்தது என்ற கருத்தை அவர் பயன்படுத்தினார். 10 அனுப்புமிடங்கள், 68 சேருமிடங்கள் கொண்ட கணக்கையும் போட்டுக் காட்டினார். பல ஆண்டுகள் கழித்து அதைக் கணினியில் சரிபார்த்தபோது, அவருடைய விடையைவிடக் குறைவாக எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், நெதர்லாந்தைச் சேர்ந்த த்யாலிங் கூப்மன்ஸ் வாஷிங்டனில் நேச நாடுகளின் கப்பல் போக்குவரத்துக் கணக்குகளைப் பார்த்துவந்தார். சரக்கை இறக்கிவிட்டுக் கப்பல்கள் காலியாகத் திரும்பும் ஓட்டம்தான் அவருக்குக் கவலை தந்தது. ஒரு தடத்தில் கூடுதலாக ஒரு சரக்கை ஏற்றினால் மற்ற தடங்களில் காலிக் கப்பல்கள் எப்படி இடம் மாறும், அதனால் மொத்தத்தில் எவ்வளவு கூடும் என்று அவர் 1942-இல் ஒரு குறிப்பு எழுதினார். நம்முடைய 17-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் அவருக்கும் முக்கியமாகப் பட்டது. இந்தத் துறையில் தனியாக இயங்கிய ரஷ்யர் லியோனித் கந்தரோவிச்சுடன் சேர்ந்து 1975-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை அவர் பெற்றார்.

மீண்டும் உப்புக்கு வருவோம். நான்கு காலிக் கட்டங்களில் தூத்துக்குடி–வேலூருக்கு மட்டுமே கழித்தல் வந்தது. அந்த வளையத்தில் எத்தனை லோடு மாற்றலாம்? கழித்தல் குறி உள்ள கட்டங்களைப் பார்க்க வேண்டும். வேதாரண்யம்–வேலூரில் 10 லோடு, தூத்துக்குடி–திருச்சியில் 15 லோடு. இரண்டில் சிறியது 10. அதற்கு மேல் போனால் வேதாரண்யத்திலிருந்து வேலூருக்குப் போகும் லோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அவசரத்தில் பெரிய எண்ணை எடுப்பவர்களுக்கு விடையில் கழித்தல் லோடு வந்து நிற்கும். தப்பை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து லோடை வளையத்தில் மாற்றினால் புதிய திட்டம்:

| | மதுரை | திருச்சி | வேலூர் |
|---|---|---|---|
| தூத்துக்குடி | 25 | 5 | 10 |
| வேதாரண்யம் | – | 30 | – |
| மரக்காணம் | – | – | 30 |

லோடுக்கு 2 ஆயிரம் வீதம் 10 லோடுக்கு 20 ஆயிரம் குறைய வேண்டும். முதலிலிருந்து கூட்டினாலும் 175 + 65 + 200 + 240 + 240 = 920. இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது. வராவிட்டால் எங்கோ குறி பிசகியிருக்கிறது.

வேலை இன்னும் முடியவில்லை. கற்கள் இடம் மாறிவிட்டதால் பழைய வளையங்கள் செல்லாது. நான்கு காலிக் கட்டங்களுக்கும் புதிதாக வளையம் போட வேண்டும். வேதாரண்யம்–வேலூருக்கு 17 − 20 + 13 − 8 = 2. வேதாரண்யம்–மதுரைக்கு 11 − 8 + 13 − 7 = 9. மரக்காணம்–திருச்சிக்கு 11 − 8 + 20 − 13 = 10. மரக்காணம்–மதுரைக்கு 17 − 8 + 20 − 7 = 22. முன்பு ஆறு மூலை கேட்ட மரக்காணம்–மதுரைக்கு இப்போது நான்கு மூலையே போதும். எல்லாமே கூட்டல். ஆகவே இதைவிடக் குறைந்த செலவில் இந்த நூறு லோடையும் அனுப்ப முடியாது. ஏதாவது ஒன்று பூஜ்யமாக வந்திருந்தால், அதே செலவில் இன்னொரு திட்டமும் உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். லாரி கிடைக்காத நாளில் அது கைகொடுக்கும்.

மலிவான தடத்தை முதலில் நிரப்பிக்கொண்டே போனாலும் இந்தக் கணக்கில் இதே 9 லட்சத்து 20 ஆயிரம் வந்துவிடும். ஆனால் அது எப்போதும் அப்படி அமையாது. அமைந்துவிட்டதா என்று அறியவும் நான்கு வளையங்களையும் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடக்கூடியது. திருச்சிக்குத் தேவை 30-ஆகவும், மரக்காணத்தில் இருப்பு 25-ஆகவும் இருந்திருந்தால், முதல் திட்டத்தில் வேதாரண்யம்–வேலூரில் 15 லோடும் தூத்துக்குடி–திருச்சியில் 15 லோடும் இருந்திருக்கும். பதினைந்தை வளையத்தில் மாற்றும்போது இரண்டும் ஒரே நேரத்தில் காலியாகிவிடும். மிஞ்சுவது நான்கு கற்கள்தான். ஆறு புள்ளிகளை இணைக்க ஐந்து கோடு வேண்டும் என்று பார்த்தோம். ஒன்று குறைந்ததால் மரம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. வேதாரண்யமும் திருச்சியும் ஒரு துண்டு, மற்ற நான்கும் இன்னொரு துண்டு. மரக்காணம்–திருச்சிக்கு வளையம் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

இதற்குப் பரிகாரம், ஒரு காலிக் கட்டத்தில் பூஜ்யம் லோடு போட்டு, அதையும் கல்லாகக் கணக்கில் வைத்துக்கொள்வது. பல நூல்கள் அதை எப்சிலான் என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் போடலாமா என்றால், கூடாது. பிளந்த இரண்டு துண்டுகளையும் இணைக்கும் இடத்தில் போட வேண்டும். தூத்துக்குடி–திருச்சியில் போட்டால் இணையும். மரக்காணம்–மதுரையில் போட்டால், ஏற்கெனவே இணைந்திருக்கும் துண்டுக்குள்ளேயே ஒரு வளையம் விழும். பிளவு அப்படியே இருக்கும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் தனியாக வளையம் தேட வேண்டும். நம் அட்டவணையில் நான்குதான். தோல்ஸ்தோய் எடுத்துக்கொண்ட 10-க்கு 68 அளவில் 680 கட்டங்கள். அவற்றில் 77 கற்கள் போக, 603 காலிக் கட்டங்கள். இவ்வளவுக்கும் கையால் வளையம் போடுவதைத் தவிர்க்க, ஒவ்வொரு வரிசைக்கும் நிரலுக்கும் ஒரு எண் வைத்து, கழித்தலில் விடை காணும் யு–வி முறை வந்தது. அதிலும், எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று தெரிந்த பிறகு லோடை மாற்ற ஒரு வளையம் போட்டே ஆக வேண்டும்.

இன்னொரு எல்லை வாடகையில் இருக்கிறது. ஒரு லாரிக்கு 20 ஆயிரம் என்றால் பத்து லாரிக்கும் அதே விலை என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பத்து லாரி எடுத்தால் விலை குறைப்பேன் என்று சொல்லும் லாரி உரிமையாளரிடம் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

வாடகையே மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் இந்த எண்கள் உடனே பதில் சொல்லும். முடிவான திட்டத்தில் வேதாரண்யம்–வேலூரின் எண் 2. அந்தத் தடத்தின் வாடகை 17-இலிருந்து 15-க்குக் கீழே இறங்காதவரை வியாபாரி எதையும் மாற்ற வேண்டியதில்லை. மற்ற வாடகைகள் மாறாமல் இது மட்டும் 14 ஆனால், 14 − 20 + 13 − 8 = −1. குறி திரும்பிவிட்டது. கழித்தல் கட்டங்களில் சிறியது தூத்துக்குடி–வேலூரில் உள்ள 10 லோடு. அதை வளையத்தில் மாற்றினால் செலவு 9 லட்சத்து 10 ஆயிரமாக இறங்கும். வேலூருக்குப் போய்க்கொண்டிருந்த தூத்துக்குடி லாரிகள் பத்தும் மறுபடி திருச்சிக்குத் திரும்பும். வியாபாரி முதலில் போட்ட அதே திட்டம், அதே ஐந்து கட்டங்களோடு, திரும்ப வந்து நிற்கும்.